மாடி அறையில் மூன்று மணிக்கு மந்தமாகும் போன்

2024 ஏப்ரல் கடைசி வாரம். அக்கா மகன் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கீழே பழைய ஓட்டு வீடு. அதன் பக்கவாட்டில் பிற்காலத்தில் எழுப்பிய இரண்டு மாடி, அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறை. மேற்குப் பார்த்த சுவர், தலைக்கு மேல் வெறும் கான்கிரீட். வீட்டுக்காரம்மா சொன்னபடி அந்த அறை முதலில் சாமான் போட்டு வைக்கத்தான் கட்டப்பட்டது. வாடகைக்கு விட்டது பிறகு.

“மாமா, இங்க டவரே சரியில்ல. காலைல பறக்குது, மூணு மணியானா மீட்டிங்ல என் குரல் அறுந்து அறுந்து போகுதாம். சிம் கூட மாத்திட்டேன்” என்றான்.

“வைஃபை போடலையா?”

“ரூமுக்குக் கேபிள் இழுக்க ஆள் வரல. போன் ஹாட்ஸ்பாட்லதான் லேப்டாப் ஓடுது.”

போய்ப் பார்த்தேன். போன் மெத்தையில் மல்லாந்து கிடந்தது. தடித்த ரப்பர் உறை, சார்ஜர் வயர், ஹாட்ஸ்பாட், 5ஜி எல்லாம் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. உறையைக் கழற்றி முதுகைத் தொட்டதும் கையை எடுக்கத் தோன்றியது. டவரைப் பற்றி அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பெங்களூரில் இந்தக் கோளாறு பிடிபடாமல் போவதற்கு ஊரின் பெயரும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், விசிறியே வேண்டாம் என்று பெருமை பேசிய ஊர். இங்கே வெப்பத்தால் போன் தடுமாறும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் 2016 ஏப்ரலில் நகரில் 39.2 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி. சம்பிகே சாலையில் மர நிழலில் நடப்பவருக்கு அது தாங்கக்கூடிய சூடுதான். மொட்டை மாடி அறையின் கதை வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் அதை உள்ளே இறக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வெளியே மூன்று மணிக்கு உச்சம் என்றால் உள்ளே ஐந்து, ஆறு மணிக்கு உச்சம். மாலையில் தெருவில் காற்று குளிர்ந்துவிடும், அறைக்குள் கூரை அப்போதும் சுட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்களின் மீட்டிங் தொடங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

போன் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும்

போனுக்குள் விசிறி கிடையாது. உள்ளே உண்டாகும் வெப்பம் கண்ணாடி வழியாகவும் முதுகு வழியாகவும்தான் காற்றுக்குப் போக வேண்டும். சாதாரண அளவு போனின் முன்னும் பின்னும் சேர்ந்த பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். காற்று அசையாத அறையில், போனின் மேற்புறத்துக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய கால் வாட் வெப்பத்தை அது வெளியேற்றும். இது தோராயக் கணக்கு. ஆனாலும் வீட்டு அளவில் ஒரு முடிவுக்கு வர இது போதும்.

கையில் பிடிக்க முடியாத அளவு சுடக்கூடாது என்பதற்காகப் போன் தயாரிப்பவர்கள் மேற்புறச் சூட்டுக்கு ஒரு வரம்பு வைக்கிறார்கள். போனுக்குப் போன் மாறினாலும் பெரும்பாலும் அது 43 டிகிரியை ஒட்டி இருக்கும். அறை 25 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 18, ஆக நாலரை வாட் வரை போன் தாராளமாகச் செலவழிக்கலாம். அறை 36 டிகிரி என்றால் வித்தியாசம் 7, இரண்டு வாட்டுக்கும் குறைவு. மெத்தையில் வைத்தால் முதுகு அடைபட்டுவிடும். மிச்சம் ஒரு வாட்கூடத் தேறாது.

இனி செலவுப் பக்கம். 5ஜி மோடம், வைஃபை, அவற்றை ஓட்டும் சில்லு எல்லாம் சேர்ந்து ஹாட்ஸ்பாட்டில் இரண்டு மூன்று வாட் எளிதாக இழுக்கும். சார்ஜ் ஆகும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்காவது வெறும் சூடாக வீணாகும். 15 வாட் சார்ஜர் என்றால் அதுவே ஒன்றரை வாட். அந்த அறையில் சார்ஜர் மட்டுமே வரம்பைத் தின்றுவிடுகிறது, நெட்டுக்கு இடமே இல்லை.

சிக்னல் பலவீனமான மூலையில் செலவு இன்னும் ஏறும். டவருக்குக் கேட்கும்படி போன் உரக்கக் கத்த வேண்டும். மொபைல் அனுப்பும் ரேடியோ சக்தியின் வழக்கமான உச்சம் 200 மில்லிவாட்தான். ஆனால் அதை உண்டாக்கும் பெருக்கி, தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாக்கிவிடும். தடித்த சுவருள்ள பழைய வீடுகளின் உள்ளறையில் போன் சும்மா பேசினாலே சுடுவதற்கு இதுதான் காரணம்.

மோடம் தன்னைக் குறைத்துக்கொள்ளும் விதம்

சூடானால் போன் ‘ஹேங்’ ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெட் வேகத்தைப் போனே வேண்டுமென்று குறைத்துக்கொள்ளும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மோடத்துக்குத் தனியாக வெப்ப உணரி உண்டு, படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் விதிகளும் உண்டு. வரிசை போனுக்குப் போன் மாறலாம். பெரும்பாலும் முதல் படியில் ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் அலைவரிசைகளின் எண்ணிக்கை குறையும். அடுத்து அனுப்பும் சக்திக்குக் கட்டுப்பாடு வரும். அதற்கும் மேல் போனால் 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்கும். 4ஜி, 5ஜி தரங்களில் இதற்கென்றே ஒரு செய்தி வகுத்திருக்கிறார்கள்: ‘எனக்குச் சூடாகிறது, அலைவரிசையைக் குறைத்துக் கொடு’ என்று போனே டவரிடம் கேட்கலாம். நெட்வொர்க் இடம் கொடுத்தால் இது நடக்கும். 2019 கோடையில் அமெரிக்காவில் முதல் 5ஜி போன்களைச் சோதித்த செய்தியாளர்களுக்கு வெயிலில் இதே கதி. ஒருவர் போனை ஐஸ் பெட்டியில் வைத்து 5ஜியை மீட்டுக் காட்டினார். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

வைஃபை பக்கத்தில் இரண்டு வழிகள். சில போன்கள் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றை மூடிவிடும், வேகம் நேர்பாதியாகும். வேறு சில, ஒவ்வொரு நொடியிலும் ஒரு பகுதி நேரம் அனுப்பாமல் வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது வகை கொஞ்சம் ஏமாற்றும். வேகச் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியாது, பேச்சு மட்டும் விட்டுவிட்டு வரும். எங்கள் பையன் சொன்ன ‘அறுந்து அறுந்து’ என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஐபோனிலும் இப்படித்தான். 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதற்கு மேல் சூடானால் திரை மங்கும், சார்ஜ் நிற்கும், மொபைல் ரேடியோ குறைந்த சக்தி நிலைக்குப் போகும், அப்போது சிக்னல் பலவீனமாகத் தெரியலாம் என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

டவரா, சூடா: கண்டுபிடிக்கும் முறை

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கோளாறில் பொய்யான வைத்தியங்கள் எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். போனை அணைத்துப் போட்டால் சரியாகும், ஏனென்றால் அந்த இரண்டு நிமிடம் மோடத்துக்கு ஓய்வு. ஏர்பிளேன் மோடும் அப்படியே. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசலாம் என்று போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வருவீர்கள். மாடிக் காற்றில் ஐந்து நிமிடம் நின்றதும் நெட் பறக்கும். ‘பாத்தீங்களா, ரூமுக்குள்ளதான் டவர் இல்ல’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அவன் சிம் மாற்றியதும் இப்படித்தான். புது சிம் போட்டது காலை பத்து மணிக்கு, அன்று மதியம் வரை அது அருமையான சிம்.

போனின் வெப்பநிலையைப் பார்க்காமல் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டில் பேட்டரி வெப்பநிலையைக் காட்டும் செயலிகள் பல உண்டு. சில போன்களில் அமைப்புகளில் பேட்டரி பக்கத்திலேயே இருக்கும். ஒரு கணினியும் adb என்ற கருவியும் இருந்தால் நேராகவே கேட்கலாம்:

```
adb shell "dumpsys battery | grep temperature"
adb shell "dumpsys thermalservice | grep Status"
```

முதல் வரிக்கு 446 என்று பதில் வந்தால் 44.6 டிகிரி என்று பொருள், பத்தால் வகுக்க வேண்டும். இரண்டாவது கட்டளை ஆண்ட்ராய்டு 10 முதல் உண்டு. பதில் நீளமாக வரும், அதில் `Thermal Status` என்ற வரியை மட்டும் பாருங்கள். 0 என்றால் நிம்மதி. 1 லேசு, 2 மிதம். 3-க்கு வந்துவிட்டால் போன் தன் வேலைகளைக் கணிசமாக வெட்ட ஆரம்பித்துவிட்டது. 6 என்பது தானாக அணைந்துவிடும் நிலை. ஐபோனில் எண் கிடைக்காது. திரை தானாக மங்குவதும் சார்ஜ் நிற்பதும்தான் அங்கே அடையாளம்.

அடுத்து சிக்னல் அளவு. கோடுகளை நம்பாதீர்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் `dBm` என்று ஒரு எண் இருக்கும். அதையும், வேகச் சோதனையின் இறக்கம், ஏற்றம் இரண்டையும், போன் சூட்டையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போன் இருக்கும் இடத்தை மாற்றாமல் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பிற்பகல் மூன்றரைக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். அதே இடத்தில் இன்னொருவரின் ஆறின போனிலும் ஒரு முறை எடுத்துவிட்டால் சந்தேகமே இருக்காது. இரண்டும் ஒரே கம்பெனி சிம்மாக இருக்க வேண்டும். வேகச் சோதனையை அடுத்தடுத்து ஓட்டாதீர்கள், சோதனையே போனைச் சுட வைக்கும்.

நாங்கள் எடுத்ததைச் சொல்கிறேன். பிற்பகல் 3.40, அறை 36 டிகிரி. அவன் போன் பேட்டரி 44.6, நிலை 3, சிக்னல் -97. இறக்கம் 11 எம்பிபிஎஸ், ஏற்றம் 1.2. என் பையிலிருந்து எடுத்த போனில், அதே மெத்தை மேல், அதே கம்பெனி, சிக்னல் -96. இறக்கம் 138, ஏற்றம் 15. டவர் ஒன்றுதான், சிக்னலும் ஒன்றுதான். வேறுபட்டது போனின் சூடு.

இதில் ஏற்றத்தைக் கவனியுங்கள், அனுப்பும் வேகத்தை. சூட்டில் பெரும்பாலும் முதலில் வெளியே தெரிவது அதுதான், பெருக்கியைக் கட்டுப்படுத்துவதால். படம் ஓடும், யூடியூப் ஓடும், மீட்டிங்கில் உங்கள் குரல் மட்டும் மற்றவர்களுக்குப் போகாது. ‘எனக்கு எல்லாம் கேக்குது, அவங்களுக்குத்தான் கேக்கல’ என்று யாராவது பிற்பகலில் சொன்னால் முதலில் அவர் போனைத் தொட்டுப் பாருங்கள்.

என்ன செய்தோம்

முதலில் சார்ஜரைப் பிடுங்கினேன். உறையைக் கழற்றினேன். அறையில் இருந்த மேசை விசிறிக்கு நேரே, ஜன்னலோரம், ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து போனைச் செங்குத்தாக நிறுத்தினேன். இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். பன்னிரண்டு நிமிடத்தில் பேட்டரி 39.8-க்கு இறங்கியது. இறக்கம் 121, ஏற்றம் 13. அறையின் வெப்பம் அதே 36தான்.

காற்றே சூடாக இருக்கும்போது விசிறி என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். போனைவிடக் காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை விசிறி பயன் தரும். 43 டிகிரி போனுக்கு 36 டிகிரி காற்று குளிர்ந்த காற்றுதான். வீசும் காற்றில் போன் வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே போட்ட கணக்கில், இரண்டு வாட்டுக்கும் குறைவாகக் கிடைத்த இடத்தில் மூன்றரை கிடைக்கும். இன்னொரு உபாயமும் உண்டு: சமையலறைக் கடப்பாக் கல் மேடை. உறையில்லாத போனை அதன் மேல் வைத்தால், கல் கனமானது என்பதால் நல்ல நேரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடமே சூடாகிவிடும், நகர்த்தி வைக்க வேண்டும்.

சார்ஜ் விஷயத்தில் நேரத்தை மாற்றினோம். காலை ஏழு மணிக்குள், அறை 25 டிகிரியில் இருக்கும்போதே நிரப்பிக்கொள்வது, பிற்பகல் மீட்டிங்குக்கு வயர் இல்லாமல் உட்காருவது. நிஜமாகவே பெரிய பலன் தந்தது இதுதான். வயர்லெஸ் சார்ஜர் வைத்திருப்பவர்கள் மதியத்தில் அதை மறந்துவிடலாம், அதில் வீணாகும் சூடு இன்னும் அதிகம்.

அடுத்தது 5ஜியை அணைப்பது. நெட்வொர்க் வகையில் 4ஜியைத் தேர்ந்தெடுத்தால் போதும். வீடியோ மீட்டிங்குக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் தாராளம். 138 எம்பிபிஎஸ் அவனுக்குத் தேவையே இல்லை. சில நெட்வொர்க்குகளில் 5ஜி தனியாக ஓடாது, 4ஜியையும் கூடவே பிடித்துக்கொண்டு இரண்டு ரேடியோவாக ஓடும், அப்படிப்பட்ட இடத்தில் 4ஜிக்கு இறங்குவது சூட்டை நன்றாகவே குறைக்கும். ஆனால் வீட்டுக்குள் 4ஜி சிக்னல் -110-க்குக் கீழே போகிற இடமாக இருந்தால் இந்த யோசனை திருப்பி அடிக்கும். போன் கத்திக் கத்தி மறுபடி சுடும். எண்ணைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யுஎஸ்பி வயரில் நெட்டைக் கொடுக்கலாம். வைஃபை அனுப்புகிற சூடு மிச்சம். ஆனால் அதே வயர் வழியாக லேப்டாப் போனைச் சார்ஜும் செய்யும். பேட்டரி ஏற்கனவே நிரம்பியிருந்தால் பாதகமில்லை. இருபது சதவீதத்தில் இருக்கும்போது செருகினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான்.

செய்யக்கூடாதது ஃபிரிட்ஜ். குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளேயும் வியர்க்கும். மோர் டம்ளர் வியர்ப்பது போலத்தான், டம்ளருக்கு உள்ளே சர்க்யூட் இல்லை என்பது மட்டும் வித்தியாசம். ஐஸ் கட்டியும் ஈரத்துணியும் அதே வகை. `adb` வழியாக வெப்ப நிலையை 0 என்று மாற்றிவைக்க ஒரு கட்டளையும் உண்டு. அது செயலிகளிடம் சொல்லும் பொய் மட்டுமே. செயலிகளைச் சோதிக்க வைத்த வசதி அது, மோடத்தின் வெட்டு அடியில் தன்பாட்டுக்கு நடக்கும்.

காலை ஆறு மணிக்கு, சும்மா கிடக்கும்போதே போன் சுட்டால் அறையைக் குறை சொல்லாதீர்கள். ஏதோ செயலி பின்னால் ஓடுகிறது, இல்லையென்றால் பேட்டரி கெட்டுக்கொண்டிருக்கிறது. முதுகு லேசாக உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு கடைக்குக் கொண்டுபோங்கள்.

மே மாதத்தில் வீட்டுக்காரம்மா மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அறை இரண்டு மூன்று டிகிரி இறங்கியது, அதற்குப் பிறகு மாலை மீட்டிங்குக்கு விசிறி மட்டுமே போதுமாக இருந்தது. ஜூன் மழை பிடித்தபின் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான். “மாமா, போன் ஜில்லுனுதான் இருக்கு, 33 காட்டுது. ஆனாலும் நெட் நகரமாட்டேங்குது.” பக்கத்து வீட்டுப் போனிலும் பார்க்கச் சொன்னேன். அதிலும் அதே மந்தம். அது சூடு இல்லை, தெரு முழுக்க ஒரே நேரத்தில் படம் பார்க்கிற நெரிசல். அதற்கு டம்ளரும் விசிறியும் உதவாது. அந்த நேரத்துக்கு வேறு கம்பெனி சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.